நெல் தருபவரே அரிசியும் எடுத்தால்: எதிர்ப்பதிவு பற்றி ஓர் ஆலை உரிமையாளருக்கு

கேள்வி: ஐயா, பரந்தனுக்கு அருகில் சிறிய அரிசி ஆலை நடத்துகிறேன். புதுக்குடியிருப்பில் கடை வைத்திருக்கும் ஒருவர் எங்களிடம் நாட்டரிசி மூட்டைகளைக் கடனுக்கு எடுக்கிறார். அவரே காலபோக நெல்லும் தந்தார். அந்த நெல்லில் ஒரு பங்கு அவருடைய மச்சானுடைய வயலில் விளைந்தது. அவர் தர வேண்டியது 495,000 ரூபா, நாங்கள் கொடுக்க வேண்டியது 300,000 ரூபா என்று எங்கள் புத்தகம் சொல்கிறது. அவருடைய கொப்பியில் வேறு தொகை இருக்கிறது. கழித்துவிடுவோம் என்று இருவரும் பேசிவிட்டோம். மிச்சத்துக்கு மட்டும் ஒரு பில் போட்டால் போதுமா? கணக்கு எழுதும் பிள்ளை 'கொன்ட்ரா' போட வேண்டும் என்கிறா. ஆனால் கணினியில் அதைத் திறந்தால் காசும் வங்கியும் மட்டுமே வருகின்றன.

பதில்:

மிச்சத்துக்கு மட்டும் பில் போடக் கூடாது. நீங்கள் கழிக்கப்போவது விற்பனையையும் கொள்வனவையும் அல்ல, அவற்றால் உண்டான இரண்டு கடன்களை. அரிசி விற்றது நடந்து முடிந்த ஒரு செயல், நெல் வாங்கியது இன்னொரு செயல். இரண்டுக்கும் தனித்தனி விலைப்பட்டியல் இருக்கிறது, இரண்டும் முழுத் தொகையிலேயே இலாபநட்டக் கணக்குக்குப் போக வேண்டும். வித்தியாசத்துக்கு மட்டும் பில் போட்டால் உங்கள் வருட விற்பனையும் கொள்வனவும் ஒரே அளவில் குறைந்துவிடும். இலாபம் மாறாது என்பதால் பலர் இதைப் பிழையாகவே எண்ணுவதில்லை. ஆனால் வருமான வரிக்குக் காட்டும் புரள்வு குறைந்துவிடும், களஞ்சியத்தில் இருந்து வெளியேறிய மூட்டைகளுக்குப் பில் இருக்காது, பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்தவராக இருந்தால் அந்த வரி அறிக்கையில் காட்ட வேண்டிய விற்பனையை மறைத்ததாகவும் ஆகிவிடும். கணக்கு எழுதும் பிள்ளை கொன்ட்ரா என்று சொல்லும் எதிர்ப்பதிவு விற்பனைக் கணக்கையோ கொள்வனவுக் கணக்கையோ தொடுவதில்லை. அது கடன்பட்டோர், கடன்கொடுத்தோர் என்ற இரண்டு பேரேடுகளுக்குள் மட்டுமே நடக்கிறது.

ஆனால் பதிவுக்கு முன் செய்ய வேண்டிய வேலைதான் பெரிது. உங்கள் புத்தகத்தின்படி அவர் தர வேண்டிய நிகர மீதி 195,000 ரூபா. நீங்கள் இணைத்து அனுப்பிய அவருடைய கொப்பிப் பிரதியின்படி, அரிசிக்காக 484,000 ரூபா கொடுக்க வேண்டும், நெல்லுக்காக 312,000 ரூபா வர வேண்டும். ஆகவே நிகர மீதி 172,000 ரூபா மட்டுமே. 23,000 ரூபா வித்தியாசம். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று அறியாமல் கழித்தால், அது மிச்சத் தொகைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பிறகு அது மூட்டையில் வந்த தகராறா, நிறுவையில் வந்த தகராறா என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது.

ஆகவே பேரேட்டு மீதிகளை ஒப்பிடாமல், கடிதத்தோடு வந்த சீட்டுகளையே ஒவ்வொன்றாக அருகருகே வைத்துப் பார்த்தேன். அரிசிப் பக்கத்தில் நீங்கள் 25 கிலோ மூட்டை ஒன்று 5,500 ரூபாப்படி 90 மூட்டைகளுக்குப் பில் போட்டிருக்கிறீர்கள். அவர் 88 மூட்டைகளையே எழுதியிருக்கிறார். மழையில் நனைந்த இரண்டு மூட்டைகளை உங்கள் லொறியிலேயே திருப்பி அனுப்பியதாக அவருடைய கொப்பியில் ஒரு வரி இருக்கிறது. உங்கள் சாரதியின் விநியோகச் சீட்டின் பின்புறத்திலும் 'மூ. 2 திரும்ப' என்று பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சீட்டு கணக்கறைக்கு வந்துசேர்ந்த போதும் அவருடைய கடனைக் குறைக்கும் செலவுக் குறிப்பு எழுதப்படவில்லை. அது 11,000 ரூபா. நெல் பக்கத்தில் மூன்று நிறுவைச் சீட்டுகள் உள்ளன: 1,100 கிலோ, 900 கிலோ, 600 கிலோ, மொத்தம் 2,600 கிலோ. கிலோ 120 ரூபாப்படி அவர் முழுவதையும் கணக்கிட்டிருக்கிறார். நீங்களோ முதல் இரண்டு சீட்டுகளில் ஈரத்துக்கும் பதருக்கும் என்று 100 கிலோவைக் கழித்து 2,500 கிலோவுக்கே கணக்கு வைத்திருக்கிறீர்கள். அது 12,000 ரூபா. இரண்டையும் கூட்டினால் அந்த 23,000 ரூபா வந்துவிடுகிறது, மீதமாக ஒன்றும் இல்லை.

இந்த இரண்டும் ஒரே வகையான வித்தியாசங்கள் அல்ல. திரும்பி வந்த மூட்டைகள் உங்கள் பக்கத்துத் தவறு. அதைப் பேசித் தீர்க்க வேண்டியதில்லை, விற்பனைத் திரும்பல் கணக்கை வரவு, அதாவது debit, வைத்து அவருடைய கணக்கைச் செலவு, அதாவது credit, வைத்தால் போதும். ஈரக் கழிவு உடன்பாட்டுக்கு உரியது. ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேல் இருந்ததென்றால் அந்த வாசிப்பு நிறுவைச் சீட்டிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் சீட்டுகளில் கழிவு மட்டும் இருக்கிறது, வாசிப்பு இல்லை. அப்படியிருக்க 100 கிலோவையும் பிடித்து நிற்பது கடினம். இருவரும் பாதிக்குச் சம்மதித்து 50 கிலோக் கழிவோடு முடிப்பதே நியாயம் என்பது என் கருத்து. அவ்வாறு முடிந்தால் 2,550 கிலோவுக்கு 306,000 ரூபா வருகிறது. உங்கள் கொள்வனவுக் கணக்கில் 6,000 ரூபாவை மேலும் வரவு வைத்து, அவருடைய கடன்கொடுத்தோர் கணக்கில் அதே தொகையைச் செலவு வைக்க வேண்டும். இப்போது இரு தரப்புப் புத்தகங்களும் ஒரே தொகையைச் சொல்லும்: அவர் தர வேண்டியது 484,000, நீங்கள் கொடுக்க வேண்டியது 306,000.

அடுத்தது உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரியில் வந்த மச்சான். 600 கிலோவுக்கான மூன்றாவது நிறுவைச் சீட்டு அந்த மச்சானுடைய பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் பேரேட்டிலோ அது கடைக்காரருடைய கணக்கில் ஏற்றப்பட்டிருக்கிறது. நெல்லைக் கொண்டுவந்தவர் கடைக்காரர்தான், விலை பேசியவரும் அவர்தான் என்றாலும் கடன் யாருக்குரியது என்று கேட்டால் அந்தச் சீட்டு மச்சானைக் காட்டுகிறது. ஒரே ஆளே, ஒரே தகுதியில், ஒரு பக்கம் கடன்பட்டவராகவும் மறுபக்கம் கடன்கொடுத்தவராகவும் இருந்தால் மட்டுமே இரண்டு கடன்களை ஒன்றோடொன்று கழிக்கலாம். அண்ணனுடைய கடனைத் தம்பியின் வருமதியோடும், பங்குடைமைக் கடையின் கடனைப் பங்காளி ஒருவருடைய சொந்த நெல்லோடும், கம்பனியின் கடனைப் பணிப்பாளருடைய பணத்தோடும் வெறும் வாய்ப்பேச்சில் கழிக்க முடியாது. ஊரில் எல்லோரும் அவர்களை ஒரே வீடு என்றுதான் சொல்வார்கள், ஆனால் பேரேட்டுக்கு வீடு தெரியாது, பெயர்தான் தெரியும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் ஆலைக்குக் கணக்கு எழுதியபோது, மூத்த சகோதரர் "தம்பியின் நெல்லையும் என் கணக்கில் கழியுங்கள்" என்று சொன்னதை நம்பி எதிர்ப்பதிவு போட்டேன். அடுத்த வருடம் அவர்களுக்குள் சொத்துப் பிரச்சினை வந்தபோது, தம்பி தன் பெயரில் இருந்த நிறுவைச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு ஆலைக்கு வந்து நின்றார். அவரிடம் சீட்டு இருந்தது. எங்களிடம் அவருடைய கையொப்பம் இல்லை. ஆலை அந்தப் பணத்தை இரண்டாம் தடவை கொடுக்க வேண்டியதாயிற்று.

உங்கள் விடயத்தில் மச்சான் தமக்குரிய 72,000 ரூபாவைக் கடைக்காரருடைய கணக்கில் கழிக்கச் சம்மதித்து எழுத்தில் கையொப்பமிட்டால், 306,000 ரூபாவையும் எதிர்ப்பதிவில் சேர்க்கலாம். அதற்கு முன்பாக அந்த 72,000 ரூபாவை அவருடைய பெயருக்கு மாற்றி எழுதி, பிறகு அவருடைய கடிதத்தை ஆதாரமாகக் காட்டிக் கடைக்காரருடைய கணக்குக்குத் திருப்ப வேண்டும். ஒரே பதிவாக விட்டால் அவர் ஏன் கையொப்பமிட்டார் என்பது பேரேட்டில் தெரியாது. அவர் சம்மதிக்காவிட்டால் கடைக்காரருடைய சொந்த நெல்லுக்கான 234,000 ரூபாவை மட்டுமே கழிக்கலாம். கடைக்காரர் உங்களுக்கு 250,000 ரூபா தர வேண்டியவராகவும், நீங்கள் மச்சானுக்கு 72,000 ரூபா கொடுக்க வேண்டியவராகவும் இருப்பீர்கள். இனிமேல் அவர் சம்மதித்ததாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உடன்பாட்டுக் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் முழுத் தொகைகள் இரண்டும் அதில் வர வேண்டும், மிச்சம் மட்டும் வரக் கூடாது. இப்படி எழுதலாம்: "இன்றைய திகதியில், ஆலையிடம் பெற்ற அரிசிக்காக நான் கொடுக்க வேண்டியது 484,000 ரூபா எனவும், ஆலைக்கு வழங்கிய நெல்லுக்காக எனக்கு வர வேண்டியது 306,000 ரூபா எனவும் இரு தரப்பும் ஏற்றுக்கொள்கிறோம். 306,000 ரூபாவை ஒன்றோடொன்று கழிப்பதற்கும், மிகுதி 178,000 ரூபாவை நான் ஆலைக்குச் செலுத்துவதற்கும் உடன்படுகிறோம்." இதன் கீழ் எந்தெந்த விலைப்பட்டியல்களும் நிறுவைச் சீட்டுகளும் இதில் தீர்ந்தன என்பதை இலக்கங்களோடு எழுதி, மிகுதியைச் செலுத்தும் திகதியையும் குறித்து, இருவரும் இரண்டு பிரதிகளில் கையொப்பமிட வேண்டும். மச்சான் தனிக் கடிதம் தருவதே நல்லது.

அந்த மிகுதித் தொகை எழுத்தில் இருப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. கடன் வழக்குகளுக்கான காலவரையறையைச் சொல்லும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், விற்று ஒப்படைத்த பொருளின் விலைக்கும் கடைப் புத்தகக் கடனுக்கும் வழக்குத் தொடர ஓராண்டு மட்டுமே தருகிறது. கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால் அந்தக் காலம் புதிதாக எண்ணப்படும். பழைய பில்களை அலுமாரியில் வைத்துக்கொண்டு மூன்று வருடங்கள் பொறுத்திருப்பவர்கள் இதை அறிவதில்லை.

இனிப் பதிவு. கழிக்கும் தொகை எப்போதும் இரண்டு மீதிகளில் சிறியது; இங்கே 306,000. எல்லாத் தனியாள் மீதிகளின் மொத்தத்தைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கணக்குகளுக்குப் பொது நாட்குறிப்பில் இவ்வாறு எழுத வேண்டும்:

கடன்கொடுத்தோர் கட்டுப்பாட்டுக் கணக்கு வரவு 306,000
கடன்பட்டோர் கட்டுப்பாட்டுக் கணக்கு செலவு 306,000
(உடன்பாட்டுக் கடிதத்தின்படி ஒரே தரப்பின் மீதிகளை ஒன்றோடொன்று கழித்தமை)

அதே நாளில், ஆளுக்கொரு கணக்கு உள்ள துணைப் பேரேடுகளிலும், கடன்கொடுத்தோர் பக்கத்தில் உள்ள அவருடைய கணக்கை வரவும் கடன்பட்டோர் பக்கத்தில் உள்ள அவருடைய கணக்கைச் செலவும் வைக்க வேண்டும். ஆக நான்கு இடங்களில் எழுத்து விழுகிறது. கட்டுப்பாட்டுக் கணக்குகளில் எழுதிவிட்டுத் தனியாள் கணக்குகளை மறந்தால், மாத முடிவில் தனியாள் மீதிகளின் பட்டியல் இரண்டு பக்கத்திலும் கட்டுப்பாட்டுக் கணக்கைவிடச் சரியாக 306,000 ரூபா கூடியிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே தொகையால் விலகியிருப்பதைக் கண்டால் உடனே எதிர்ப்பதிவைத் தேடுங்கள்.

இதைவிடக் கள்ளத்தனமான பிழை ஒன்று உண்டு. வரவையும் செலவையும் மாற்றிப் போட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். அவர் தர வேண்டியது 484,000 ரூபாவில் இருந்து 790,000 ரூபாவாக ஏறும். நீங்கள் கொடுக்க வேண்டியது 306,000 ரூபாவில் இருந்து 612,000 ரூபாவாக ஏறும். பரீட்சை மீதி பொருந்தும். நிகர மீதியைப் பார்த்தாலும் 790,000 ரூபாவில் 612,000 ரூபா போக அதே 178,000 ரூபாதான் வரும். "மிச்சம் சரியாகத்தானே இருக்கிறது" என்று நிகரத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இது வருடம் முழுக்கப் பிடிபடாது. இதைப் பிடிக்க ஒரே வழி, பதிவு முடிந்ததும் சிறிய மீதியிருந்த பக்கத்துக் கணக்கைத் திறந்து பார்ப்பது: அது பூச்சியத்தில் நிற்க வேண்டும். உங்களுடைய கடன்கொடுத்தோர் பேரேட்டில் அவருடைய பெயருக்கு எதிரே எந்தத் தொகையேனும் நின்றால், பதிவு திரும்பி விழுந்திருக்கிறது அல்லது ஏதோ ஒரு சீட்டு விடுபட்டிருக்கிறது.

கணினியில் தடுமாறியதற்குக் காரணம் பெயர் மயக்கம்தான். கொன்ட்ரா என்ற சொல் கணக்கியலில் இரண்டு வேலை செய்கிறது. காசை வங்கியில் இடும்போதும் வங்கியில் இருந்து எடுக்கும்போதும் காசேட்டின் இரு பக்கமும் விழும் பதிவுக்கும் அதே பெயர். Tally கணக்கு மென்பொருளில் F4ஐ அழுத்தினால் வரும் Contra அதற்கானது, ஆகவே அங்கே காசும் வங்கியும் தவிர வேறெதுவும் காட்டாது. நீங்கள் போட வேண்டியது F7, அதாவது Journal. கணினியில் அவருக்கு ஒரே பெயரில் ஒரே கணக்கு வைத்திருந்தால் எதிர்ப்பதிவே தேவைப்படாது, அரிசியும் நெல்லும் அந்த ஒன்றிலேயே தாமாகக் கழிந்துவிடும். அது வசதிபோலத் தோன்றினாலும் நான் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் எவரும் உடன்படாமலே, கையொப்பமில்லாமலே, ஒவ்வொரு நாளும் கழிவு நடந்துகொண்டிருக்கும்.

சிலர் வேறொரு குறுக்குவழியில் போவார்கள். 306,000 ரூபா காசாக வந்ததாகப் பற்றுச்சீட்டு எழுதி, அதே நாளில் நெல்லுக்குக் காசாகக் கொடுத்ததாக உறுதிச்சீட்டு எழுதுவார்கள். காசேட்டின் மீதி மாறாது என்றாலும், வராத காசுக்கு உங்கள் கையால் பற்றுச்சீட்டு கொடுத்தவர் ஆகிவிடுவீர்கள். வேண்டாம்.

திகதி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னியில் காலபோக அறுவடையும் கணக்கு வருட முடிவும் அடுத்தடுத்து வருகின்றன. பெப்ரவரியிலும் மார்ச்சிலும் நெல் ஆலைக்குள் வந்து குவியும். மார்ச் 31இல் கணக்கு மூடப்படும். உடன்பாட்டுக் கடிதம் ஏப்ரலில் கையொப்பமாகியிருந்தால் மார்ச் 31இன் நிதிநிலைக் கூற்றில் 484,000 ரூபாவை வருமதியிலும் 306,000 ரூபாவைச் சென்மதியிலும் முழுமையாகவே காட்ட வேண்டும். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 32இன் 42ஆம் பந்தி, கழிப்பதற்குச் சட்டத்தால் வலியுறுத்தக்கூடிய உரிமை அந்த நாளில் கையில் இருப்பதையும், நிகரமாகத் தீர்க்கும் எண்ணம் அல்லது இரண்டையும் ஒரே நேரத்தில் தீர்க்கும் எண்ணம் இருப்பதையும் சேர்த்தே கேட்கிறது. 'கழிப்போம்' என்று அறுவடைக் களத்தில் பேசியது எண்ணத்தைக் காட்டலாம், உரிமையை நிரூபிக்காது. வங்கிக் கடனுக்குக் கணக்குக் காட்டும்போது கடன்சுமை குறைவாகத் தெரியட்டும் என்று கடிதத்துக்கு மார்ச் திகதி இடச் சொல்லும் ஆலோசனையும் உங்களுக்கு வரலாம். கணக்காய்வாளர் மீதியை உறுதிப்படுத்தக் கேட்டுக் கடைக்காரருக்கு நேரடியாக எழுதினால், அவருடைய கொப்பியில் ஏப்ரல் திகதி இருப்பது அங்கேயே வெளிப்படும்.

கடைக்காரருடைய கொப்பியிலும் இதே பதிவு மறுதலையாக விழ வேண்டும்: அவருக்கு நீங்கள் நெல் வாங்கியவர் என்ற வகையில் கடன்பட்டவர், அரிசி விற்றவர் என்ற வகையில் கடன்கொடுத்தவர். கடிதத்தின் பிரதியைக் கொடுக்கும்போதே அவரை உட்கார வைத்து, ஈரக் கழிவில் குறைந்த 6,000 ரூபாவையும் கழித்த 306,000 ரூபாவையும் உங்கள் முன்னாலேயே எழுதச் சொல்லுங்கள். அவருடைய கொப்பி 178,000 ரூபாவில் நின்ற பிறகு அடுத்த லொறியை ஏற்றலாம்.